சாவி ஒப்படைப்பும் டூப்ளிகேட் சாவிப் பதிவும்: எஃப் 2, முதல் மாடி, மேற்குத் தாம்பரம்

வீட்டு உரிமையாளர்: வ. கோமதி (வசிப்பது கோயம்புத்தூர்)
உரிமையாளர் சார்பில் உள்ளூரில்: தம்பி வ. குமரேசன், குரோம்பேட்டை
வாடகைதாரர்கள்: ஜெ. அருள்ராஜ், மனைவி அ. ஸ்டெல்லா
வாடகை ஒப்பந்தம்: 01.06.2025 முதல் 30.04.2026 வரை, 11 மாதம்
சாவி ஒப்படைத்தது: 01.06.2025, ஞாயிறு, காலை 10 மணி, வீட்டிலேயே

இந்தப் பதிவு இரண்டு நோட்டுகளில் எழுதப்படுகிறது. ஒன்று குமரேசனிடம், ஒன்று வாடகைதாரரிடம். ஒரு நோட்டில் ஏறும் எந்த வரியும் அன்றைக்கே மற்றதிலும் ஏற வேண்டும். பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்; சாவியைப் போட்டோ எடுத்து அனுப்பக் கூடாது. பல் வெட்டு தெளிவாகத் தெரியும் ஒரு படம் இருந்தால் போதும், கைதேர்ந்த ஆள் அதைப் பார்த்தே வெட்டிவிடுவான்.

ஒப்படைப்புக்கு முன் செய்தது

முன்பு குடியிருந்தவர்கள் மரக்கதவுச் சாவி 3 வாங்கி 2 மட்டுமே திருப்பினார்கள். அதனால் 31.05.2025 அன்று உரிமையாளர் செலவில் சிலிண்டர் மாற்றப்பட்டது. பூட்டுப் பெட்டி பழையதே. நடுவில் உள்ள சிலிண்டர் மட்டும் புதிது. அளவு 70 மி.மீ.: திருகுத் துளையின் நடுவிலிருந்து இரு பக்கமும் 35. அடுத்த முறை வாங்குகிறவர் இதே அளவைக் கேட்க வேண்டும். நீளம் கூடினால் வெளிப்பக்கம் துருத்தி நிற்கும், துருத்தியதைக் குறடு போட்டு ஒடித்துவிடலாம்.

கிரில் கேட்டுக்கு 65 மி.மீ. தொங்கு பூட்டும் புதிது. இரண்டு பாக்கெட்டுகளும் இரு தரப்பும் பார்க்க, பிரிக்காத நிலையிலிருந்து பிரிக்கப்பட்டன.

சாவிக் கணக்கு

சாவியில் வீட்டு எண், பெயர், தெரு எதுவும் எழுதப்படவில்லை. பிளாஸ்டிக் வில்லையில் குறி மட்டும்.

கிரில் கேட்: 3 சாவி (கி1, கி2, கி3). கி1, கி2 வாடகைதாரரிடம்.
மரக்கதவு: கம்ப்யூட்டர் சாவி 5 (ம1 முதல் ம5). ம1 முதல் ம4 வாடகைதாரரிடம். இதில் ம4 பூட்டில் போடாத சாவி. ம5 உரிமையாளருக்கு.
பெரிய படுக்கையறை: 2 சாவி, வாடகைதாரரிடம்.
சின்னப் படுக்கையறை: 1 சாவி. இரண்டாவது சாவி பல வருடமாகவே இல்லை, வாடகைதாரர் பொறுப்பல்ல.
மர அலமாரி: மூன்று கதவுக்கும் ஒரே சாவி, 2.
ஈ.பி. மீட்டர் பெட்டி: 1.
தபால் பெட்டி: 2.
பொது கேட்: 2. இதை வீட்டுச் சாவிக் கொத்தில் கோர்க்காமல் தனி வளையத்தில் வைக்க வேண்டும். இது தொலைந்தால் எட்டு வீட்டுக்கும் பூட்டு மாற்ற வேண்டிவரும்.
பின் பால்கனிக் கதவு: சாவி இல்லை, உள் தாழ்ப்பாள் மட்டும்.
மொட்டைமாடி: சாவி சங்கச் செயலாளரிடம், கேட்டு வாங்கி அன்றே திருப்ப வேண்டும்.

வாடகைதாரர் பெற்றது மொத்தம் 16. உரிமையாளர் தரப்பில் 2 (கி3, ம5). ம4 தவிர ஒவ்வொரு சாவியும் அதன் பூட்டில் மூன்று முறை போட்டுத் திறந்து பார்க்கப்பட்டது. மரக்கதவைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் பார்த்தோம்: திறந்திருக்கும்போது சுழலும் சாவி மூடியபின் இறுகினால் கோளாறு சட்டத்தில், சாவியில் அல்ல. சின்னப் படுக்கையறைப் பூட்டு மட்டும் கொஞ்சம் இறுக்கம். கிராஃபைட் தூள் போடப்பட்டது. தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியோடு சேர்ந்து பிசின் மாதிரி ஆகிவிடும்.

உரிமையாளர் உறை

கி3, ம5 இரண்டும் ஒரே பழுப்பு உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய விளிம்பின் மேல் இரு தரப்பும் கையெழுத்திட்டு, அதன்மேல் செல்லோ டேப் ஒட்டப்பட்டது. உறை குமரேசன் வீட்டு பீரோவில் இருக்கும். கிரில் சாவியும் ஏன் உள்ளே என்றால், பல வீடுகளில் உரிமையாளர் மரக்கதவுச் சாவியை மட்டும் வைத்துக்கொண்டு, அவசரத்துக்கு வந்து கிரில் முன்னால் நிற்கிறார்.

சிலிண்டர் பாக்கெட்டில் வந்த சாவி எண் அட்டையும் அதே உறைக்குள். அட்டை கையில் இருக்கிறவர் சாவி கையில் இருக்கிறவருக்குச் சமம்.

உறையைப் பிரிக்க இரண்டே காரணம்: தண்ணீர்க் கசிவு, கேஸ் வாடை, தீ, மின்கசிவு மாதிரி ஆபத்து, அல்லது வாடகைதாரரே கேட்பது. ஆபத்திலும் முதலில் போன் செய்ய வேண்டும். இருவரும் எடுக்காவிட்டால் சங்கச் செயலாளரைச் சாட்சியாக வைத்துத் திறக்கலாம். கதவு திறப்பது முதல் பூட்டுவது வரை ஒரே வீடியோ. வாடகை பாக்கி, வீட்டை வாங்க வருகிறவருக்குக் காட்டுவது, பெயின்ட் மதிப்பீடு இவையெல்லாம் உறை பிரிக்கும் காரணங்கள் அல்ல. அவற்றுக்கு, 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவித்து, வாடகைதாரர் இருக்கும்போது வர வேண்டும்.

டூப்ளிகேட் போடுவது

உரிமையாளருக்கு ஒரு வரி வாட்ஸ்அப், அவருடைய 'சரி' என்ற பதில், பிறகே கடை. மரக்கதவுக்கு ம4 இருக்கும்வரை டூப்ளிகேட் தேவையே வராது. மீறி வெட்டினாலும் ம4-ஐ வைத்துத்தான் வெட்ட வேண்டும். தேய்ந்த சாவியிலிருந்தோ, நகலிலிருந்து இன்னொரு நகலோ எடுத்தால் ஒவ்வொரு முறையும் வெட்டு கொஞ்சம் விலகும். அப்படிப்பட்ட சாவி முதலில் ஆட்டி ஆட்டித் திறக்கும், பிறகு ஒருநாள் உள்ளேயே ஒடியும். கடையில் சாவியைக் கொடுத்துவிட்டு மாலையில் வருகிறேன் என்று போகக் கூடாது. பக்கத்தில் நின்று, கேட்ட எண்ணிக்கை மட்டும் வெட்டி வாங்க வேண்டும். கடைக்காரரிடம் முகவரி சொல்ல வேண்டியதில்லை.

வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், பக்கத்து வீடு யாரிடமும் நிரந்தரமாகச் சாவி இருக்காது. மீட்டர் பெட்டி, செருப்பு ஸ்டாண்ட், பூந்தொட்டி ஆகிய மூன்றும் எல்லோருக்கும் தெரிந்த இடங்கள். வீட்டுக்குள் இருக்கும்போது சாவியை உள்பக்கம் செருகிவிட்டுத் தூங்கக் கூடாது. இந்த வகைச் சிலிண்டரில் வெளியிலிருந்து வேறு சாவி ஏறாது.

தொலைத்தவர் செலவு தொலைத்தவருடையது. பூட்டு தானாகத் தேய்ந்து கெட்டால் உரிமையாளர் செலவு. வாடகைதாரர் தன் விருப்பத்துக்குச் சிலிண்டர் மாற்றலாம். பழையதை எறியாமல் வைத்து, புதிய சாவி ஒன்றை அன்றே உறைக்குத் தர வேண்டும்.

ஒப்படைத்தவர்: வ. குமரேசன் (வ. கோமதிக்காக). பெற்றவர்கள்: ஜெ. அருள்ராஜ், அ. ஸ்டெல்லா. 01.06.2025.

பதிவு

15.06.2025. வீட்டு வேலைக்கு வரும் பாக்கியம் அக்கா காலை 8 மணிக்கு, ஆள் இருக்கும்போதே வருகிறார். சாவி தரப்படவில்லை. பதிவுக்காக மட்டும். – ஸ்டெல்லா

06.08.2025. ஊருக்குப் போவதால் செடிக்குத் தண்ணீர் ஊற்ற கி2, ம3 பாக்கியம் அக்காவிடம். படுக்கையறைகள் பூட்டப்பட்டன. – அருள்ராஜ்
12.08.2025. இரண்டும் திரும்பின. – அருள்ராஜ்

21.09.2025, மாலை 5.40. தாம்பரம் ரயில் நிலையத்தில் கைப்பை தொலைந்தது. உள்ளே கி2, ம2. பொது கேட் சாவி அதில் இல்லை. பையில் முகவரி அச்சிட்ட கேஸ் ரசீது இருக்கிறது. சாவி மட்டும் தொலைந்திருந்தால் ஒருநாள் தேடிப் பார்க்கலாம். முகவரியோடு போனதால் இன்றிரவே பூட்டு மாற்றம். 6.05க்கு குமரேசன் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னோம். – ஸ்டெல்லா

21.09.2025, இரவு 8.30. சிலிண்டர் (70 மி.மீ., 35+35), கிரில் பூட்டு இரண்டும் புதிது. சிலிண்டர் ரூ.1,350, பூட்டு ரூ.580, கூலி ரூ.300, மொத்தம் ரூ.2,230, வாடகைதாரர் கொடுத்தார். உறை இருவர் முன்னிலையில் பிரிக்கப்பட்டது. கையெழுத்தும் டேப்பும் கலையாமல் இருந்தன. பழைய சாவிக் கணக்கு: கி1, கி3, ம1, ம3, ம4, ம5 ஆக 6 கையில், 2 தொலைந்தவை, மொத்தம் 8. சரி. பழைய சிலிண்டர், பூட்டு, அட்டை, 6 சாவி குமரேசன் எடுத்துச் சென்றார். புதியவை: கி4, கி5, ம6 முதல் ம9 வாடகைதாரரிடம் (போடாத சாவி ம9), கி6, ம10, புதிய அட்டை புது உறையில். – குமரேசன், அருள்ராஜ்

18.11.2025, காலை 10.20. கீழ்வீட்டுக் குளியலறைக் கூரையில் தண்ணீர் சொட்டியது. வாடகைதாரர் நாகர்கோவில் கல்யாணத்தில். போனில் அருள்ராஜ் சம்மதம் சொன்னபின் செயலாளர் முன்னிலையில் உறை பிரித்து உள்ளே போனோம். ஃப்ளஷ் டேங்குக்குப் போகும் கனெக்‌ஷன் பைப்பில் கசிவு. ஆங்கிள் காக்கை மூடினோம். குளியலறை தவிர வேறு அறைக்குள் போகவில்லை. 10.50க்குப் பூட்டியாயிற்று. வீடியோ அனுப்பப்பட்டது. – குமரேசன்
20.11.2025. வீடியோ பார்த்தோம், பொருள்கள் சரியாக உள்ளன. கி6, ம10, அட்டை மறுபடி உறையில், புதுக் கையெழுத்தோடு. – அருள்ராஜ்

05.01.2026. அருள்ராஜின் அம்மா தங்க வருகிறார். ம8 அவரிடம். கிரில்லுக்கு ஒன்று, சின்னப் படுக்கையறைக்கு ஒன்று டூப்ளிகேட் போட உரிமையாளர் நேற்று வாட்ஸ்அப்பில் சம்மதித்தார். கி5-இலிருந்து ஒன்று (கி7 நகல்), சின்ன அறைச் சாவியிலிருந்து ஒன்று (சி2 நகல்), மொத்தம் ரூ.170. கி7 முதலில் பாதியில் நின்றது. ஓரத்துப் பிசிறை அரம் வைத்துத் தேய்த்தபின் சரி. பூட்டைக் கையில் வைத்துத் திறந்து பார்த்தபிறகே கேட்டில் போட்டோம். – ஸ்டெல்லா

30.04.2026, மாலை 4 மணி. வீடு காலி. திரும்பியவை: கி4, கி5, கி7 நகல், ம6 முதல் ம9, பெரிய அறை 2, சின்ன அறை 1, நகல் 1, அலமாரி 2, ஈ.பி. பெட்டி 1, பொது கேட் 2, தபால் பெட்டி 1. வர வேண்டியது 16-உம் நகல் 2-உம் சேர்த்து 18, வந்தது 17. தபால் பெட்டிச் சாவி ஒன்று குறைவு; பூட்டு மாற்ற ரூ.120 முன்பணத்தில் கழிக்கப்பட்டது. நகல்களுக்கு இரு தரப்பும் பணம் கேட்கவில்லை. உறை இருவர் முன்னிலையில் பிரிக்கப்பட்டது: கி6, ம10, அட்டை உள்ளன. இனி இந்த வீட்டின் எந்தச் சாவியும் வாடகைதாரரிடம் இல்லை. இன்று மாலை 4 மணிக்குப் பின் சாவி தொடர்பான எதற்கும் அவர்கள் பொறுப்பல்ல. அடுத்த குடித்தனம் வருமுன் சிலிண்டர் உரிமையாளர் செலவில் மாற்றப்படும்.

வ. குமரேசன், ஜெ. அருள்ராஜ், அ. ஸ்டெல்லா