மாதிரி வினாவும் விடைக்குறிப்பும்: கட்டுமான ஒப்பந்தத்தில் எல்.டி., ரிடென்ஷன், தண்டத்தொகை

ஒப்பந்தச் சட்டம், உள்தேர்வு. மதிப்பெண் 20. நேரம் 40 நிமிடம்.

வினா

காட்பாடியில் ஒரு கல்யாண மண்டபம் கட்ட, இடத்தின் உரிமையாளரும் குடியாத்தத்தைச் சேர்ந்த ஒப்பந்ததாரரும் ரூ.1,80,00,000-க்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2023 நவம்பர் 30-க்குள் வேலை முடிய வேண்டும். அதில் உள்ள சில ஷரத்துகள்:

ஷரத்து 11: உரிமையாளரால் தாமதம் ஏற்பட்டாலோ, எதிர்பாராத இயற்கைக் காரணத்தால் ஏற்பட்டாலோ, ஒப்பந்ததாரர் 14 நாளுக்குள் எழுத்தில் கேட்டால் காலநீட்டிப்பு உண்டு.

ஷரத்து 14: தாமதமாகும் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒப்பந்தத் தொகையில் 0.5 சதவீதம், எல்.டி. எனப்படும் முன்கூட்டியே குறித்த இழப்பீடு; உச்சவரம்பு 5 சதவீதம். இதை ஒப்பந்ததாரருக்குத் தர வேண்டிய எந்தத் தொகையிலிருந்தும் கழித்துக்கொள்ளலாம்.

ஷரத்து 17: இந்த ஒப்பந்தத்தின் எந்த நிபந்தனையை மீறினாலும் ரூ.10,00,000 தண்டம்.

ஷரத்து 19: வேலை நடக்க நடக்கக் கொடுக்கும் ஒவ்வொரு ஆர்.ஏ. பில்லிலும் 5 சதவீதம் ரிடென்ஷனாக நிறுத்தி வைக்கப்படும். பாதி, வேலை முடிந்ததும். மீதி, 12 மாதக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்ததும்.

ஷரத்து 21: தாமதம் 8 வாரத்தைத் தாண்டினால் ரிடென்ஷன் முழுவதும் பறிமுதல்.

ஆகஸ்டில் உரிமையாளர் சாப்பாட்டுக்கூட மாடிப்படியின் இடத்தை மாற்றச் சொன்னார். புது வரைபடம் 5 வாரம் கழித்துத்தான் வந்தது. ஒப்பந்ததாரர் உடனே கடிதம் கொடுத்து நீட்டிப்பு கேட்டார், பதில் இல்லை. நவம்பரில் பெய்த மழைக்காக மேலும் 2 வாரம் வேண்டும் என்று பிறகு வாய்மொழியாகச் சொன்னார். வேலை 2024 பிப்ரவரி 29-இல் முடிந்தது. அன்று மண்டபத்தை ஏற்றுக்கொண்டபோதே உரிமையாளர், "தாமத இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தார். தை, மாசியில் 7 முகூர்த்த முன்பதிவுகள் ரத்தாயின. ஒரு நாள் வாடகை ரூ.75,000, மின்சாரம், துப்புரவுக்கு அதில் ரூ.15,000 போகும். பிறகு சமையற்கூடக் கூரை ஒழுகியது, நோட்டீஸ் கொடுத்தும் ஒப்பந்ததாரர் வரவில்லை, உரிமையாளர் ரூ.65,000 செலவு செய்து சரிசெய்தார். தளத்தில் பெயர்ப்பலகை வைக்கவில்லை என்பதும் ஒரு மீறல்.

2025 மார்ச். ரிடென்ஷன் ரூ.9,00,000 தவிர மற்ற பில் தொகை எல்லாம் கொடுத்தாகிவிட்டது. உரிமையாளர் ரிடென்ஷனை முழுக்கப் பறிமுதல் செய்து, அதன்மேல் எல்.டி. ரூ.9,00,000, தண்டம் ரூ.10,00,000 கேட்கிறார். யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும்? தீர்மானிக்க.

விடைக்குறிப்பு

முதலில் நாட்களை எண்ணுங்கள். நவம்பர் 30 முதல் பிப்ரவரி 29 வரை 91 நாள், அதாவது 13 வாரம். வரைபடத் தாமதம் உரிமையாளருடையது, அதற்கு எழுத்தில் கோரிக்கையும் இருக்கிறது. ஆகவே 5 வாரம் கழியும். புது முடிவுநாள் 2024 ஜனவரி 4. மழைக்கு எழுத்துக் கோரிக்கை இல்லை. அதோடு வேலூரில் நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பெய்வதை எதிர்பாராதது என்று யாரும் நம்ப மாட்டார்கள். மீதித் தாமதம் சரியாக 8 வாரம்.

சரியாக 8 வாரம் என்பதால் ஷரத்து 21 இங்கே உயிர்பெறவே இல்லை. "தாண்டினால்" என்றுதான் இருக்கிறது. இதைக் கவனித்தவர்களுக்கு 3 மதிப்பெண். தாண்டியிருந்தாலும் கூட, ரிடென்ஷன் என்பது ஒப்பந்ததாரர் வேலை செய்து சம்பாதித்த பணத்தில் நிறுத்தி வைத்த பகுதி. ஒரே தாமதத்துக்கு எல்.டி.யும் வாங்கி இதையும் பிடுங்குவது, ஒப்பந்தச் சட்டப் பிரிவு 74-இன் நியாயமான இழப்பீடு என்ற வரம்புக்குள் நிற்காது. காப்புத்தொகைப் பறிமுதலுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்பதற்கு மௌலா பக்ஸ் (1969) தீர்ப்பைக் காட்டலாம்.

அடுத்து எல்.டி. வாரத்துக்கு ரூ.90,000 வீதம் 8 வாரத்துக்கு ரூ.7,20,000. பலரும் இங்கேயே கோடு போட்டு விடையை முடித்துவிடுவார்கள். இங்கிலாந்தின் டன்லப் (1915) வழக்கை எழுதி, "இது உண்மையான முன்மதிப்பீடு, ஆகவே முழுத்தொகையும் கிடைக்கும்" என்று எழுதினால் பாதி மதிப்பெண்தான். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 74, எல்.டி.யையும் தண்டத்தையும் ஒரே தராசில் வைக்கிறது: குறிப்பிட்ட தொகை உச்சவரம்பு, அதற்குள் நியாயமான இழப்பீடு. ஃபதே சந்த் (1963) இதை நிலைநாட்டியது. முன்மதிப்பீடு நியாயமானது என்றால் இழப்பை நிரூபிக்கத் தேவையில்லை என்ற பக்கத்துக்கு சா பைப்ஸ் (2003) கைகொடுக்கும். ஆனால் கைலாஷ் நாத் (2015), இழப்பு இருந்தாக வேண்டும் என்கிறது. நிரூபிக்க முடிகிற இடத்தில் நிரூபிக்கத்தான் வேண்டும், நிரூபிக்கவே கடினமான இடத்தில்தான் குறித்த தொகையை அப்படியே தரலாம் என்கிறது.

மண்டபத்தின் இழப்பை நிரூபிப்பது கடினமா? முன்பதிவு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்தால் போதும். ஜனவரி 5 முதல் 14 வரை மார்கழி. அந்தப் பத்து நாளில் மண்டபம் தயாராக இருந்திருந்தாலும் கல்யாணம் நடந்திருக்காது. உரிமையாளருக்கு வலிப்பது தை, மாசிதான். 7 முகூர்த்தம், ஒவ்வொன்றிலும் மிச்சப்பட்ட செலவு போக ரூ.60,000, மொத்தம் ரூ.4,20,000. கட்டடக் கடன் இருந்திருக்கும் என்று அதன் வட்டியையும் கூட்டி எழுதாதீர்கள்: அந்த வட்டியை அடைக்கத்தானே வாடகை, இரண்டையும் தந்தால் ஒரே இழப்புக்கு இரட்டைப் பணம். என் கணக்கில் ரூ.4,20,000. முன்பதிவு இல்லாத நாட்களிலும் நேரில் வந்து கேட்பவர்கள் உண்டு, அதை நிரூபிக்க முடியாது என்று வாதிட்டு ரூ.7,20,000 எழுதினாலும், காரணம் சரியாக இருந்தால் முழு மதிப்பெண் உண்டு.

ஏற்றுக்கொண்ட அன்று கொடுத்த கடிதத்தையும் விடக்கூடாது. காலம் சாராம்சமாக உள்ள, அதாவது குறித்த நாளில் முடிப்பதே அடிப்படையான ஒப்பந்தத்தில், தாமதமான வேலையை அறிவிப்பு தராமல் ஏற்றுக்கொண்டால் பிரிவு 55-இன் மூன்றாம் பத்தி இழப்பீட்டுக் கோரிக்கையைத் தடுக்கும். நீட்டிப்பும் எல்.டி.யும் உள்ள ஒப்பந்தத்தில் பொதுவாகக் காலம் சாராம்சம் ஆகாது (ஹிந்த் கன்ஸ்ட்ரக்ஷன், 1979). எப்படிப் பார்த்தாலும் இந்தக் கடிதம் இருப்பதால் உரிமையாளருக்குச் சிக்கல் இல்லை.

ஷரத்து 17-ஐ இரண்டே வரியில் முடிக்கலாம். பலகை வைக்காததற்கும் தூண் விழுந்ததற்கும் ஒரே பத்து லட்சம் என்றால் அது மிரட்டல் தொகை. பலகை இல்லாததால் உரிமையாளருக்கு எந்த இழப்பும் இல்லை, கிடைப்பதும் பூஜ்யம்.

இனி ரிடென்ஷன் கணக்கு. முதல் பாதி ரூ.4,50,000, வேலை முடிந்ததும் தர வேண்டியது. ஷரத்து 14-இன்படி ரூ.4,20,000 கழித்தால் ரூ.30,000. இரண்டாம் பாதி ரூ.4,50,000, 2025 பிப்ரவரி 28-உடன் 12 மாதம் முடிந்ததால் தர வேண்டியதாகிவிட்டது. நோட்டீஸ் கொடுத்தும் வராத கூரைவேலைக்கு ரூ.65,000 கழித்தால் ரூ.3,85,000. இந்த இரண்டாவது கழிவுக்காகத்தான் ரிடென்ஷன் என்ற ஏற்பாடே இருக்கிறது.

ஆக, உரிமையாளர் ஒப்பந்ததாரருக்கு ரூ.4,15,000 தர வேண்டும். எல்.டி.யை ரூ.7,20,000 என்று எடுத்தவர்களுக்கு விடை ரூ.1,15,000.