சுதாகர் தம்பிக்கு

சுதாகர் தம்பிக்கு,

சனிக்கிழமை உங்கள் வீட்டு வாசலில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர, ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சுற்றிலும் அவ்வளவு பேர் இருந்தார்கள். பறைச்சத்தம் வேறு. அப்புறம் அப்பாவைத் தூக்கும் நேரம் வந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இப்போதே படிக்க முடியாவிட்டால் எடுத்து வைத்துவிட்டு, முடிகிறபோது படியுங்கள்.

அப்பா போனதில் எனக்கும் ரொம்ப வருத்தம். உங்கள் அப்பா என்பதால் மட்டும் இல்லை, எனக்கே அவரைப் பிடிக்கும்.

போன தை மாதம் மஞ்சள் பையும் சாக்குமாக நம் கிளைக்கு வந்தாரே, நினைவிருக்கிறதா? 2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் தோப்பை அடித்துப் போட்டபோது, நூற்றி நாற்பது மரத்தில் பதினொன்றுதான் நின்றது என்று நீங்கள் அன்றைக்குச் சொன்னீர்கள். பேராவூரணிப் பக்கம் எத்தனையோ பேர் தோப்பைப் பார்க்கவே மனசில்லாமல் இருந்த நேரத்தில், அறுபது வயதைத் தாண்டியவர் மறு வருஷமே குழி வெட்டிக் கன்று வைத்தார். அந்தக் கன்றுகள் காய்த்த முதல் காயைத்தான் நமக்குக் கொண்டுவந்திருந்தார். சும்மா ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஒவ்வொரு காயையும் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டி, விரல் நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது சட்னிக்கு, நாளைக்கே உடைச்சிருங்க. இது குழம்புக்கு. இது இன்னும் பத்து நாள் கிடக்கட்டும்மா" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். கேஷியரில் இருந்து காவலாளிவரை ஒருவரையும் விடவில்லை. எனக்குக் கொடுத்தது பத்து நாள் காய். சரியாகப் பத்தாம் நாள் உடைத்தேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. இதை அவரிடமே சொல்ல வேண்டும் என்று நினைத்து, சொல்லாமலே விட்டுவிட்டேன்.

இனி, எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை நீங்கள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னீர்கள். "அப்புறம் கூப்பிடறேன்னு சொன்னேன்க்கா." இரண்டு தடவை சொன்னீர்கள். வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகும் அது என் காதிலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை அந்த போன் வந்தபோது பக்கத்து சீட்டில் இருந்தவள் நான். நான் பார்த்ததை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

பதினொன்றரை மணி இருக்கும். நகைக்கடன் கவுன்ட்டரில் வரிசை வாசல்வரை நின்றது. மதிப்பீட்டாளர் ஒரு பாட்டியின் தோட்டை உரைகல்லில் உரைத்துக்கொண்டிருந்தார், நீங்கள் எடையைக் குறித்துக்கொண்டிருந்தீர்கள். போன் அடித்ததும் நீங்கள் கட் பண்ணவில்லை. எடுத்து, "அப்பா, கூட்டமா இருக்கு, அப்புறம் கூப்பிடறேன், சாப்பிட்டீங்களா" என்றீர்கள். அந்தக் கடைசி வார்த்தையை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. குரலில் எரிச்சலே இல்லை. அவர் பதில் சொல்லும்வரை காத்திருந்து, "சரிப்பா" என்று சொன்ன பிறகுதான் வைத்தீர்கள்.

சாயங்காலம் என்ன நடந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஐந்நூறு ரூபாய் கணக்கில் இடித்தது. நீங்களும் நானும் பாஸ்கரும் வவுச்சரைத் திரும்பத் திரும்பப் புரட்டிவிட்டு எட்டரைக்குத்தான் வெளியே வந்தோம். வண்டியை எடுக்கும்போது, "இந்நேரம் அப்பா தூங்கியிருப்பார், காலையில பேசிக்கிறேன்" என்று நீங்களாகவே சொன்னீர்கள். அவரை நினைக்காமல் இருந்தவர் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. இது உங்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. நீங்கள் வெளியே பந்தலில் இருந்தபோது நான் உள்ளே அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவே சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை மரம் ஏற ஆள் வருவதாக இருந்ததாம். பேத்திக்கு இளநீர் எத்தனை போடச் சொல்லலாம் என்று கேட்கத்தான் அப்பா கூப்பிட்டாராம். போனை வைத்துவிட்டு, "நேரங்கெட்ட நேரத்துல கூப்பிட்டுட்டேன், பய வேலையா இருக்கான்" என்று சிரித்தாராம். "எதுக்கும் இருபது போடச் சொல்லுவோம்" என்று அவரே முடிவும் பண்ணிவிட்டாராம். ராத்திரி இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிட்டார் என்றார்கள். உங்கள் போனுக்காக அவர் விழித்திருக்கவில்லை, தம்பி. சொல்ல நினைத்து உள்ளேயே வைத்துக்கொண்ட பெரிய விஷயமும் எதுவும் இல்லை. இளநீர்க் கணக்குதான்.

இதைத் தெரிந்துகொண்டால் உங்கள் மனசு லேசாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. என் அம்மா இறந்தபோது நானும் இப்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நாள் அலைந்தேன். யார் என்ன சொல்லியும் அது விடவில்லை. ஆனால் அன்றைக்கு நடந்தது நடந்தபடியே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நடு ராத்திரியில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது மனசு வேறு மாதிரிக் கதை கட்டும். அப்போது இந்தக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். நான் பக்கத்தில் இருந்தேன், பார்த்தேன்.

ஆபீஸ் கவலை உங்களுக்கு வேண்டாம். மேனேஜர் லீவைப் போட்டுவிட்டார், காரியம் முடிகிறவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். உங்களிடம் இருந்த பயிர்க்கடன் ஃபைல்களை நானும் பாஸ்கரும் பிரித்துக்கொண்டோம். அந்த ஐந்நூறு ரூபாயும் இன்று காலையில் கிடைத்துவிட்டது, ஒரு சலானை இரண்டு முறை பதிந்திருக்கிறோம். வாட்ஸ்அப் குரூப்பைத் திறக்கவே வேண்டாம்.

ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 21 நாளுக்குள் வி.ஏ.ஓ.விடம் இறப்பைப் பதிந்துவிடுங்கள். அது தாண்டினால் அலைச்சல் கூடும். நீங்களே போக வேண்டும் என்பதில்லை, சித்தப்பாவை அனுப்பினாலும் போதும். சான்றிதழில் அப்பா பெயரின் எழுத்து ஆதாரிலும் பட்டாவிலும் இருப்பது போலவே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு எழுத்து மாறியதால் மாதக்கணக்கில் அலைகிறவர்களை நாம் கவுன்ட்டரில் தினமும் பார்க்கிறோம். வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம், அம்மாவின் கணக்கு எல்லாம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். படிவங்களை நானே நிரப்பித் தருகிறேன், நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்.

பதினாறாம் நாளுக்கு நாங்கள் எல்லோரும் வருகிறோம். அதற்கு முன்னால் புதன்கிழமை சாயங்காலம் நானும் அவரும் ஒரு நடை வருகிறோம். நீங்கள் எங்களிடம் பேச வேண்டும் என்றில்லை. தோப்புப் பக்கம் போயிருந்தாலும் சரி, உள்ளே படுத்திருந்தாலும் சரி, எழுந்து வர வேண்டாம். நான் அம்மாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். ராத்திரிக்கு எல்லோருக்கும் இட்லியும் துவையலும் கொண்டுவருகிறேன், அடுப்பு மூட்ட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

அம்மாவின் சர்க்கரை மாத்திரை இந்த வாரத்தோடு தீர்ந்துவிடும் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். மருந்துச் சீட்டை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள். வரும்போது வாங்கி வந்துவிடுகிறேன்.

மல்லிகா அக்கா
தஞ்சாவூர், திங்கள் இரவு