நீங்கள் அனுப்பிய கடன் ஒப்பந்தம்: வட்டிப் பகுதியின் தமிழாக்கமும் விளக்கமும்

தம்பி, எஞ்சின் வாங்க எடுக்கும் கடனின் ஒப்பந்தத்தை நீங்கள் படமெடுத்து அனுப்பிய ஐந்து படங்களில் 2, 3, 5ஆம் பக்கங்கள் தெளிவாக இருக்கின்றன. 3ஆம் பக்கத்தில் வட்டி வீதம் எழுதிய இடத்தில் மட்டும் விரல் நிழல் விழுந்து, 24ஆ 21ஆ என்று தெரியவில்லை. அதை 5ஆம் பக்கத் தவணை அட்டவணையை வைத்துச் சரிபார்த்தோம். முதல் மாத வட்டி 6,000 ரூபா என்று அங்கே இருக்கிறது. 3 இலட்சத்துக்கு மாதம் 6,000 என்றால் மாதம் 2 வீதம், வருடம் 24. 21ஆக இருந்தால் 5,250 என்று வந்திருக்கும்.

இரட்டை மேற்கோளுக்குள் இருப்பது ஒப்பந்தத்தின் சொல். வெளியே இருப்பது எங்கள் விளக்கம்.

பிரிவு 4.1: "கடன் தொகை ரூபா 300,000. வருடாந்த வட்டி வீதம் 24 சதவீதம், குறைந்து செல்லும் மீதியின் மேல் கணிக்கப்படும். கடன் 24 சமமான மாதத் தவணைகளில், தவணையொன்று ரூபா 15,861 வீதம், 2ஆம் மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதி செலுத்தப்படும்."

ரெடியூசிங் பேலன்ஸ் என்று கம்பனிக்காரர் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு மாதமும், அன்றைக்கு மிச்சமிருக்கும் முதலுக்கு மட்டும் வட்டி. முதல் தவணையில் 6,000 வட்டிக்கும் 9,861 முதலுக்கும் போகிறது. மிச்சம் 290,139. அடுத்த மாத வட்டி அதன் 2 வீதம், அதாவது 5,803. தவணைத் தொகை மாறாது. உள்ளே வட்டி குறைந்து முதல் கூடும். இரண்டு வருடமும் தவறாமல் கட்டினால் மொத்தம் ஏறத்தாழ 380,672, அதில் வட்டி 80,672.

கடையில் பொருள் தவணைக்கு எடுக்கும்போது சொல்வது பெரும்பாலும் பிளாட் ரேட். அதே 24 வீதத்தை முழு 3 இலட்சத்துக்கும் இரண்டு வருடத்துக்கும் போட்டால் வட்டி 144,000, தவணை 18,500. ஆகவே உங்களுக்குச் சொன்ன தவணை 15,861 என்பதால் இது உண்மையிலேயே குறைந்து செல்லும் மீதிதான். வேறு யாராவது "பிளாட் 14 வீதம்தான், மலிவு" என்று சொன்னால், அதை இந்த 24 உடன் நேராக ஒப்பிட வேண்டாம். இந்தக் கடனின் வட்டியைப் பிளாட் கணக்கில் சொன்னால் 13.4 வீதம் மட்டுமே. அந்த 14 இதைவிட அதிகம்.

பிரிவு 4.3: "கம்பனி 30 நாள் எழுத்துமூல முன்னறிவித்தலுடன் வட்டி வீதத்தை மாற்றலாம்." கையொப்பமிடுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. வீதம் 24 மாதமும் நிலையானதா? நிலையானது என்றால் இந்த வரியை வெட்டி, இரு தரப்பும் அதன் ஓரத்தில் கையொப்பமிட வேண்டும். வாய்ச்சொல் போதாது.

பிரிவு 5: "செயற்பாட்டுக் கட்டணமாகக் கடன் தொகையின் 3 சதவீதமும், ஆவணச் செலவாக ரூபா 2,500உம் கடன் வழங்கும்போது கழிக்கப்படும். இவை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டா."

3 வீதம் 9,000. ஆகவே கையில் கிடைப்பது 300,000 அல்ல, 288,500. ஆனால் வட்டி 300,000க்கே ஓடும். இந்தக் கழிவையும் சேர்த்துப் பார்த்தால் உண்மையான வருட வீதம் 24 அல்ல, 28 வீதத்தை ஒட்டி வருகிறது. எஞ்சின்காரரிடம் 3 இலட்சம் என்று விலை பேசியிருந்தால் 11,500 ரூபா குறையும். அதைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். முன்கூட்டிக் கடனை முடித்தாலும் இந்தக் கட்டணம் திரும்ப வராது.

பிரிவு 7.2: "கடன் பெறுபவர் 14 நாள் எழுத்துமூல அறிவித்தலுடன் முன்கூட்டிக் கடனைத் தீர்க்கலாம். 12 மாதங்கள் முடியுமுன் தீர்த்தால் மீதி முதலின் 5 சதவீதமும், அதன் பின் 3 சதவீதமும் முன்தீர்வுக் கட்டணமாக அறவிடப்படும்."

இதில் பலர் ஏமாறுவது, அபராதம் இருந்தால் முன்கூட்டி முடிப்பதே நட்டம் என்று நினைப்பதுதான். கணக்கைப் பாருங்கள். 6 தவணை கட்டியபின் மிச்ச முதல் 237,793. முடித்தால் மிச்சமாகும் வட்டி 47,711, கட்டணம் 11,890. கையில் நிற்பது 35,821. 12 தவணைக்குப் பின் மிச்ச முதல் 167,739. வட்டி மிச்சம் 22,597, கட்டணம் 5,032. நிகர இலாபம் 17,565. 20 தவணை கட்டிய பிறகு முடித்தால் இலாபம் 1,237 ரூபா மட்டும். அந்தப் பணத்தைக் கையில் வைத்து வலைக்குச் செலவழிப்பது நல்லது.

பிரிவு 7.3: "பகுதி முற்கொடுப்பனவு ரூபா 50,000க்குக் குறையாததாகவும் எழுத்துமூலக் கோரிக்கையுடனும் இருத்தல் வேண்டும்." சீசனில் நல்ல மீன் பட்டு 20,000 மேலதிகமாகக் கட்டினால், இந்தப் பிரிவின்படி அது முதல் தொகையிலிருந்து கழியாது. அடுத்த தவணைக்கான முற்பணமாகக் கிடக்கும், வட்டி குறையாது. சிறிய தொகையைச் சேர்த்து 50,000 ஆனதும் கடிதத்துடன் கட்டுங்கள். புதிய அட்டவணையைக் கையில் வாங்காமல் கவுண்டரை விட்டு வர வேண்டாம்.

பிரிவு 8: "தாமதமான தவணைத் தொகையின் மேல் ஒப்பந்த வீதத்துக்கு மேலதிகமாக வருடம் 2 சதவீத வட்டி அறவிடப்படும். பெறப்படும் பணம் முதலில் செலவுகளுக்கும், பின் தாமத வட்டிக்கும், பின் வட்டிக்கும், கடைசியாக முதலுக்கும் வரவு வைக்கப்படும்."

"தாமதமான தவணைத் தொகை" என்று இருப்பது நல்லது. "மீதிக் கடன் முழுவதற்கும்" என்றிருந்தால் நிலைமை வேறு. 15,861க்கு 26 வீதப்படி நாளொன்றுக்கு 11 ரூபா சொச்சம். பத்து நாள் பிந்தினால் 113. தொகை சிறிது, ஆனால் வரவு வைக்கும் ஒழுங்கைக் கவனியுங்கள். ஒருமுறை பிந்தி 15,861 மட்டும் கட்டினால் 113 முதலில் கழிந்து, தவணை 113 ரூபா குறையாகவே நிற்கும். தாமதம் தொடர்ந்தால் கடன் தகவல் பணியகத்துக்கும் அறிவிக்கப்படும். அடுத்த கடன் கேட்கும்போது அது தெரியும்.

கடன் ஓகஸ்டில் கைக்கு வந்தால் 3, 4, 5ஆம் தவணைகள் நவம்பர், டிசம்பர், ஜனவரியில் விழும். திருகோணமலையில் வாடைக் காலம், கடலுக்குப் போக முடியாத நாள் அதிகம். இரண்டாம் வருடத்தில் 15, 16, 17ஆம் தவணைகளும் அப்படியே. இந்த மூன்று மாதமும் வட்டி மட்டும் கட்ட அனுமதிப்பார்களா என்று கையொப்பத்துக்கு முன்பே கேளுங்கள். அனுமதித்தால் முதல் வருடத்தில் மாதம் 5,600 அளவு கட்டினால் போதும். முதல் குறையாததால் மற்றத் தவணைகள் கூடும் அல்லது காலம் நீளும், அந்தப் புதிய அட்டவணையையும் எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் மூன்று தவணைக்கான 47,583 ரூபாவை இப்போதே சேர்த்து வைக்கவேண்டியிருக்கும்.

முழு ஒப்பந்தத்தையும் தமிழில் தரும்படி கம்பனியிடம் கேளுங்கள், தயங்க வேண்டாம். சொன்னதற்கு மாறாகக் கழித்தால் முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிட்டு நகலில் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள். பதில் சரியில்லையென்றால் மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் தொடர்புகள் திணைக்களம், தொலைபேசி 1935. மத்திய வங்கிக்குத் திருகோணமலையில் பிராந்திய அலுவலகமும் உண்டு.

4ஆம் பக்கம் பிணைகாரர்கள் பற்றியது. அதன் கீழ்ப்பாதி படத்தில் வெட்டுப்பட்டு விட்டது, ஊகித்து எழுதவில்லை. தாளைத் தரையில் வைத்து, சன்னல் வெளிச்சத்தில், நேர் மேலே நின்று எடுத்து அனுப்புங்கள். அதை மொழிபெயர்த்து அனுப்பும்வரை உங்கள் மச்சானைக் கையொப்பமிடவிட வேண்டாம்.