மருந்து நினைவூட்டல் செயலிக் குழுவின் சுவருக்கு

முதல் வாரத்தில் உடையும் யோசனைக்கு ஒரு வாரம்தான் செலவு. சீக்கிரம் உடைத்துப் பார்ப்போம்.

எது நடந்தால் இந்த யோசனையைக் கைவிடுவோம்? சோதனைக்கு முன்பே எழுதி வையுங்கள். பிறகு எழுதினால் மனம் சாக்குத் தேடும்.

சோதித்துத் தோற்றால் பாடம். சோதிக்காமல் தோற்றால் அலட்சியம்.

பொத்தானின் நிறத்தில், வரவேற்புச் சொல்லில், விலையில் துணிந்து தவறலாம். மருந்தின் அளவிலும் நேரத்திலும் தவற நமக்கு உரிமை இல்லை. மறுமுனையில் இருப்பவர் நம்மை நம்பி மாத்திரையை விழுங்குகிறார். அளவையும் நேரத்தையும் சொல்லும் நிரலில் ஒரு வரி மாறினாலும் இரண்டு பேர் படித்தாக வேண்டும், வெள்ளிக்கிழமை மாலையானாலும்.

புதிய பதிப்பு முதலில் நம் ஆறு பேரின் கைபேசிகளுக்கு. அடுத்து, சம்மதித்த இருபது பயனர்களுக்கு. அதன் பிறகே எல்லோருக்கும்.

பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியைச் செய்து பார்த்தீர்களா? இல்லையென்றால் வெளியிட வேண்டாம்.

மீட்டெடுத்துப் பார்க்காத காப்பு நகல் வெறும் நம்பிக்கை.

கெட்ட செய்தியை முதலில் சொன்னவருக்கு முதலில் நன்றி.

"யார் செய்தது?" என்பதைவிட "எப்படி நம் கண்ணில் படாமல் போனது?" என்ற கேள்வி அதிகம் கற்றுத்தரும்.

புதிய தவறுக்கு இங்கே இடம் உண்டு. பழைய தவறு திரும்பினால், அன்றைய வேலையை நிறுத்திவிட்டு அதற்கொரு சோதனை எழுதுவோம்.

அவசரமா? சரிபார்ப்புப் பட்டியல் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.