நிலையடி

2009ஆம் ஆண்டு மே மாதம், மின்சாரம் நின்றுபோன ஒரு நண்பகலில், திருவாரூரில் அம்மாச்சி வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஒன்பது வயதுக் கயல் நாட்காட்டித் தாள்களைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, பின்புறத்தில் நான்கு வீதிகளை வரைந்தாள். கீழவீதி நிலையடியில் புறப்படும் தேர், தெற்கு, மேல, வடக்கு வீதிகளைச் சுற்றி மீண்டும் நிலைக்கு வர வேண்டும். ஒருபுறம் தரையில் தேய்த்து வெளுப்பாக்கிய ஐந்து புளியங்கொட்டைகளை உருட்டினால், எத்தனை வெள்ளை விழுகிறதோ அத்தனை கட்டம் நகரலாம்.

ஆழித்தேரை முட்டுக்கட்டை கொடுத்துத்தான் திருப்புவார்கள் என்பதை அவள் தேரோட்டத்தில் பார்த்திருந்தாள். ஆகவே ஆளுக்கு மூன்று தீக்குச்சிகளைக் கொடுத்தாள். திருப்பத்தைத் தாண்டி ஓடப் பார்க்கும் தேரை ஒரு குச்சியைச் செலவிட்டு நிறுத்தலாம், குச்சி தீர்ந்தவர் அந்த வீதியின் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டும். மாமாவின் இரட்டைப் பெண்கள் சண்டையிட்டுச் சண்டையிட்டே பாதி விதிகளை உருவாக்கினார்கள். சித்தி மகன் பரணிக்கு அப்போது நான்கு வயது. அவன் ஒப்புக்குச் சப்பாணி. அவனுக்குக் குச்சியும் இல்லை, பின்வாங்கலும் இல்லை.

2024இல், சென்னையில் மென்பொருள் வேலையிலிருந்த கயல், இரவுகளில் சிறிது சிறிதாக அதைக் கைப்பேசி விளையாட்டாக எழுதி முடித்து, உறவினர் குழுவில் அனுப்பினாள். இரட்டையரில் மூத்தவள் அன்றே அழைத்தாள்.

"படம் அழகாக இருக்கிறது, கயல். ஆனால் தேர் நம் தேர் மாதிரி ஓடவில்லை. ஐந்து ஐந்தாக விழுந்துகொண்டே இருக்கிறது."

கயலுக்கு உடனே புரியவில்லை. அலமாரியிலிருந்து புளியங்கொட்டைகளை எடுத்து நூறு முறை உருட்டிக் குறித்தபோதுதான் பிழை தெரிந்தது. பூச்சியம் முதல் ஐந்து வரை எல்லா எண்ணுக்கும் அவள் சம வாய்ப்புக் கொடுத்திருந்தாள். ஐந்து கொட்டைகளோ 32 விதமாக விழக்கூடியவை. அவற்றில் 20 விதங்கள் இரண்டோ மூன்றோ தருபவை, ஐந்தும் வெள்ளையாவது ஒரே விதம். அந்த அரிய ஐந்துக்காகத்தானே நாங்கள் கையைக் குவித்து "ஆரூரா, தியாகேசா" என்று கூவினோம் என்று நினைத்தவள், ஒவ்வொரு கொட்டையையும் தனித்தனியாக விழச் செய்து நிரலைத் திருத்தினாள். இப்போது தேர் தயங்கித் தயங்கி, கனத்துடன் நகர்ந்தது.

மறுநாள் கல்லூரி விடுதியிலிருந்து பரணி குரல்செய்தி அனுப்பியிருந்தான்.

"அக்கா, தெற்கு வீதியில் குச்சி தீர்ந்து என் தேர் பின்னால் போய்விட்டது. நான் எப்போதிலிருந்து பின்னால் போகிறேன்?"

அவள் அதை இரண்டு முறை கேட்டாள். பிறகு கணினியைத் திறந்து, ஐந்தாவதாக ஒரு சிறிய தேரைச் சேர்த்து, அதற்குச் 'சப்பாணி' என்று பெயரிட்டாள்.