மூன்றாம் அசைன்மென்ட்: ஹோமோமார்பிசம் நிரூபணங்கள்

முதலாம் ஆண்டு எம்.எஸ்சி. மாணவர்களுக்கு,

அசைன்மென்ட் தாள்களைத் திருத்திவிட்டேன். வியாழக்கிழமை டுடோரியலில் தருகிறேன். மதிப்பெண்ணைப் பார்த்ததும் என்னைத் தேடி வருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

பலரையும் கவிழ்த்தது இரண்டாம் கேள்விதான். Z₄-லிருந்து Z₆-க்கு φ([a]) = [a] ஹோமோமார்பிசம் ஆகுமா என்று கேட்டிருந்தோம். φ([a]+[b]) = [a+b] = φ([a]) + φ([b]) என்று ஒரே வரியில் எழுதி, அடியில் கோடும் போட்டு முடித்துவிட்டீர்கள். ஆனால் அங்கே சார்பு என்று ஒன்றே இல்லையே! Z₄-ல் [0], [4] இரண்டும் ஒரே உறுப்பு. உங்கள் φ அதை ஒருமுறை [0]-க்கும் இன்னொருமுறை [4]-க்கும் அனுப்புகிறது. Z₆-ல் அவை வேறு வேறு. எச்ச வகுப்புகளின் மேல் சார்பு வரையறுத்தால் முதலில் a ≡ b (mod 4) என்று எடுத்துக்கொண்டு, விடை மாறவில்லை என்று காட்டுங்கள். கூட்டலை அப்புறம் தொடலாம். φ([a]) = [3a] என்று மாற்றிப் பாருங்கள், சரியாக வரும். 3 × 4 = 12, அது 6-ஆல் வகுபடுகிறது, அவ்வளவுதான் காரணம்.

ஐந்தாம் கேள்வியில் φ(x) = x². (ab)² = a²b² என்று கூசாமல் எழுதியிருக்கிறீர்கள். குலம் எபீலியன் என்று யார் சொன்னது? S₃-ல் a = (1 2), b = (1 3) எடுங்கள். a², b² இரண்டுமே சமனி, ஆகவே a²b²-உம் சமனி. ab மூன்று நீளச் சுழல், அதன் வர்க்கம் சமனி ஆகாது. எந்த வரியில் உறுப்புகளை இடம் மாற்றினாலும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். இல்லையென்றால் மதிப்பெண் கிடையாது, இதில் நான் கறார்.

சிலர் φ(ab) = φ(a)φ(b) என்று முதல் வரியிலேயே எழுதி, இரு பக்கமும் சுருக்கி, 0 = 0 என்று வந்ததும் ‘நிரூபிக்கப்பட்டது’ என்கிறார்கள். நிரூபிக்க வேண்டியதையே எடுத்துக்கொண்டால் எதுவும் வரும். இடப்பக்கத்தில் தொடங்கி வலப்பக்கத்துக்குப் போய்ச் சேருங்கள்.

(R, +)-லிருந்து மிகை மெய்யெண்களின் பெருக்கல் குலத்துக்குப் போகும் eˣ-க்கு, φ(xy) = φ(x)φ(y) என்று சரிபார்த்த தாள்களும் உண்டு. சார்பகத்தில் செயலி கூட்டல்! அதே குழப்பம்தான் கெர்னலிலும்: அணிக்கோவையின் கெர்னல் என்றால் அணிக்கோவை 1 ஆக உள்ள அணிகள், 0 ஆக உள்ளவை அல்ல. GL₂(R)-ல் அப்படி அணியே கிடையாது.

இரண்டாம், ஐந்தாம் கேள்விகளை மட்டும் திரும்ப எழுதி அடுத்த திங்கள் மாலைக்குள் கொடுத்தால், இழந்ததில் பாதி மதிப்பெண் திரும்பக் கிடைக்கும். பேராசிரியரிடம் பேசிவிட்டேன். நண்பரின் தாளைப் பார்த்து எழுத வேண்டாம். இந்த முறை ஒரே எழுத்துப்பிழை நான்கு தாள்களில் இருந்தது.

அன்புடன்,
உங்கள் டுடோரியல் உதவியாளர்