மழைக்காலத்தில் சுவரும் பீரோவும்: குடியிருப்போர் கவனத்துக்கு

திருநகர் வீட்டின் நான்கு போர்ஷன்களிலும் இருப்பவர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டது. இனி மார்கழி வரை சுவர் சரியாகக் காயாது. பூஞ்சை பிடிப்பதற்குச் சுவருக்குள் தண்ணீர் இறங்க வேண்டும் என்றில்லை, வீட்டுக்குள் தேங்கும் ஈரக்காற்றே போதும். அதில் பெரும்பகுதி நாம் உண்டாக்குவது: இட்லிக் கொப்பரை ஆவி, வெந்நீர்க் குளியல், எல்லாவற்றுக்கும் மேலாக ஹாலில் கொடி கட்டிக் காயப்போடும் துணி. ஒரு வாளித் துணியின் ஈரம் முழுவதும் காற்றில்தான் கலக்கிறது. மொட்டை மாடியில் ஷீட் போட்ட பகுதியில் கொடி கட்டியிருக்கிறேன், அங்கே போடுங்கள். முடியாத நாளில் ஒரே அறையில் போட்டு, கதவைச் சாத்தி, ஃபேனை ஓடவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

சமைத்து முடித்த பிறகும் கால் மணி நேரம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். மழை வெறித்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். கொசுவுக்குப் பயந்து நாள் முழுக்கச் சாத்தி வைக்கும் வீட்டில்தான் பூஞ்சை முதலில் வருகிறது.

பீரோவும் கட்டிலும் சுவரை ஒட்டி இருக்க வேண்டாம், நான்கு விரல் இடைவெளி விடுங்கள். பாத்ரூமை ஒட்டிய சுவர் அலமாரியில் பட்டுப் புடவை, பத்திரம், சான்றிதழ் வைக்காதீர்கள். அரைகுறையாகக் காய்ந்த துணியை மடித்து அடுக்கவே கூடாது. வெயில் வரும் நாளில் கதவுகளைத் திறந்து போடுங்கள். அந்துருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்தை அது எடுக்காது. கடையில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பா ஓரளவு உதவும். அதில் சேரும் தண்ணீரைக் குழந்தைகள் தொடாமல் கொட்டிவிடுங்கள்.

பூஞ்சை தெரிந்தால் காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், தூள் வீடெங்கும் பறக்கும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, ஃபேன் போட்டுக் காயவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். பிளீச்சிங் பவுடரோடு வினிகரையோ கழிப்பறை ஆசிட்டையோ கலந்துவிடாதீர்கள். அதில் கிளம்பும் வாயு விஷம்.

இனி என் பங்கு. கூரையில் திட்டுத் திட்டாக ஈரம், தரையிலிருந்து மேலேறும் ஓதம், குழாய் போகும் சுவரில் கசிவு, இவை உங்களால் வருவதல்ல. வெள்ளையாக மாவு போல உதிர்வது பூஞ்சை இல்லை, உப்பு. அதுவும் சுவருக்குள் தண்ணீர் இருப்பதன் அடையாளம்தான். அட்வான்ஸில் பிடித்துவிடுவேனோ என்று காலண்டரை மாட்டி மறைக்காமல், போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இதற்கெல்லாம் பிடித்தம் கிடையாது. சுவிட்ச் போர்டு பக்கம் ஈரம் என்றால் அதைத் தொடாமல் மெயினை அணைத்துவிட்டு, நேரம் பார்க்காமல் உடனே போன் செய்யுங்கள்.

வரும் ஞாயிறு காலை கொத்தனார் தட்டோட்டு இடுக்குகளைப் பூச வருகிறார். மாடிப் போர்ஷன்காரர்கள் கூரையில் கறை இருக்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்